நலம் வினாவலும் விடையும்

சில திங்களுக்கு முன் மேனாட்டுப் பேராசிரியர் ஒருவர் நம் கல்லூரிக்கு விருந்தினராக வந்து ஒரு வாரம் தங்கியிருந்தார். ஒரு நாட்காலை அவர் விடுதித் தாழ்வாரத்தின் வழியே வருங்கால், எதிர்ப்பட்ட நம் நண்பர் ஒருவரை நோக்கி முகமலர்ந்து, "ஹவ் ஆர் யூ?" என்று வினவினார். நண்பரோ இரண்டு நாளாக வயிற்று நோவால் வருந்திக்கொண்டிருந்தவர். உபதேசியாரின் புதல்வர், பொய் கூறா இயல்பினர். அவர் மெய்யையே சொல்லத் துணிந்து, ஆங்கிலத்தில் வாக்கியத்தை ஒழுங்குசெய்து, நோவு தொடங்கிய வரலாற்றை முதலிலிருந்தே கூறலானார். இரண்டாம் வாக்கியம் முடியுமுன் பேராசிரியர், "நன்று, நன்று" என்று புன்முறுவலோடு தலையசைத்துக்கொண்டே மாடிப்படியை அடைந்துவிட்டார்.

"விடைக்காக நில்லாதவர் வினவுவானேன்?" என்று நண்பர் அன்றிரவு நம்மிடம் கேட்டார். நாம் முதலில் நகைத்தோம்; பின்பு நினைத்துப் பார்த்தால் நமக்கும் விடை தோன்றவில்லை. அவரே மேலும், "இனி நானும் எல்லாரையும்போல் 'நலம்' என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் வயிறு நோகும்போது நலம் என்பது பொய்யன்றோ?" என்றார். இவ்விரண்டாம் வினா நகைத்து விடத்தக்கதன்று. இவ்விரண்டையும் ஆராயவே இக்கட்டுரை எழுதப்புகுந்தோம்.

இவ்வழக்கத்தை மேனாட்டாரின் போலி உபசாரம் என்று தள்ளிவிடுதல் எளிது, ஆயினும் நியாயமன்று. நம்மவர் தெருவில் எதிர்ப்பட்டால், "என்ன, சௌக்கியமா?" என்கிறோம். "சௌக்கியம்" என்ற சொல் காதில் விழுமுன்னரே நாலடி கடந்துவிடுகிறோம். கடிதம் எழுதுவோர், இங்கு யாவரும் நலம் என்று தொடங்கி, அங்குள்ளார் நலமறிய விழைவதாகக் கூறி, அதற்கடுத்த வரியிலேயே பாட்டிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று எழுதுகின்றனர். எழுதுவோர்க்கும் இது முரணாகத் தோன்றுவதில்லை, படிப்போர்க்கும் தோன்றுவதில்லை. ஆகவே தலைப்பிலுள்ள 'நலம்' வேறு, பின்வரும் செய்தி வேறு என்பதை இருசாராரும் கற்பியாமலே அறிந்துள்ளனர்.

இனி இவ்வினா எவ்வகையைச் சார்ந்தது எனப் பார்ப்போம். நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாக வகுத்தார் என்பது தமிழ் வகுப்பினர் யாவரும் அறிந்தது. நலம் வினாவுதல் பார்வைக்கு அறியா வினாவைப் போன்றுள்ளது. பிறன் நலம் நமக்குத் தெரியாது, ஆதலின் கேட்கின்றோம் என்னலாம். ஆனால் அறியா வினாவாயின், கேட்டவன் விடை பெறும்வரை நிற்றல் வேண்டுமே. கடைக்காரனிடம் அரிசி விலை கேட்டவன் விலையைக் கேளாமல் நடந்துவிடுவதில்லை. எம் கருத்தில் இது கொடை வினாவுக்கே அணித்தானது. மாணாக்கனுக்குப் புத்தகம் இல்லையோ என்று ஆசிரியர் வினவுவது, புத்தகம் கொடுக்கும் எண்ணத்தால். அதுபோல, நலமா என்பவன் ஒன்றைப் பெறுவதற்காகக் கேட்கவில்லை. 'நின்னைக் கண்டேன், நீ எனக்கு அயலானல்லை' என்னும் ஒன்றைக் கொடுப்பதற்காகவே கேட்கிறான். கொடுத்தாயிற்று, பெற்றுக்கொண்டாயிற்று என்பதற்கு அடையாளம் 'நலம்' என்ற சொல். இவ்வகுப்பு உரையாசிரியர் கூறியதன்று; நாம் துணிந்து கூறுவது. பிழையாயின் எம் ஆசிரியர்கள் பொறுத்தருள்வாராக.

கொடையென்றால் அதற்கொரு கடமையும் உண்டு. இதனை மற்றொரு வினாவாற் காண்டல் எளிது. நண்பகலில் ஒருவர் வீட்டு வாயிலில் நிற்கின்றோம். வீட்டு அம்மாள், "சாப்பாடாயிற்றா?" என்கிறார். பசி இருப்பினும், "ஆயிற்று அம்மா" என்கிறோம். காரணம் வெளிப்படை. "இல்லை" என்றால் அந்த அம்மாள் இலை போட்டே தீரவேண்டும். உலையில் எவ்வளவு அரிசி இட்டார், குழந்தைகள் உண்டார்களா என்பவை நமக்குத் தெரியா. "இல்லை" என்பது செய்தி மட்டுமன்று. அது கேட்டவர் கையில் ஒரு வேலையையும் வைத்துவிடுகிறது.

நலம் வினாவலிலும் இதே நிலை உள்ளதென்பதைத் தெளிவாக எடுத்துரைத்தவர் ஹார்வி சாக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர். மக்களின் அன்றாடச் சம்பாஷணையையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டவர் அவர். 1975-ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரையொன்று இப்பொருளையே ஆராய்கின்றது. நலம் வினாவினார்க்குக் கூறப்படும் விடைகளை அவர் மூன்று கூறாக்கினார்: நன்மை மிகுந்தது, நடுநிலையானது, தீமை மிகுந்தது. 'நலம்' என்ற நடுநிலை விடையோடு பேச்சு முடியலாம். 'மிகவும் வருத்தத்தில் இருக்கிறேன்' என்றாலோ, கேட்டவன் 'ஏன், என்ன நேர்ந்தது?' என்று தொடர்ந்து வினவக் கடமைப்பட்டுவிடுகிறான். 'மகிழ்ச்சியில் மிதக்கிறேன்' என்றாலும் அப்படியே. இனி, காரணத்தைச் சொன்னால் அதற்கேற்ற இரக்கமோ ஆலோசனையோ உதவியோ அவனிடத்திலிருந்து வருதல் வேண்டும். ஆனால் நம் துன்பம் எல்லாரிடத்தும் சொல்லத்தக்கதன்று. சில தாய்க்கு உரியவை, சில நண்பனுக்கு, சில போதகர்க்கு. வினாவோ எல்லாரிடமிருந்தும் வருகிறது. ஆதலின் விடை சொல்பவன் முதலில் எண்ணுவது 'எனக்கு எப்படி உள்ளது?' என்பதன்று, 'இவர் இதனைக் கேட்கத்தக்கவரா, இப்போது கேட்கக்கூடியவரா?' என்பதே. அதற்குரிய விடை இல்லையென்றால் 'நலம்' என்கிறான். எல்லாரும் பொய் சொல்லியே ஆகவேண்டும் என்னும் கருத்துப்பட அவர் தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டார்.

பொய் என்ற சொல்லை அவர் விளையாட்டாக ஆண்டாரோ வினையாக ஆண்டாரோ, நம் நண்பருக்கு அது முள்ளாகவே தைத்தது. அவருக்கு நாம் எடுத்துக்காட்டியது வேதாகமத்திலுள்ள சூனேமியாளின் வரலாறு. இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் அது உள்ளது. ஞாயிறு பள்ளியில் பலமுறை கேட்ட கதைதான். எனினும் அங்குள்ள நலவினாக்களை நாம் உற்று நோக்கியதில்லை.

சூனேம் ஊரிலிருந்த அந்த அம்மையார்க்கு நெடுநாட் பிள்ளைப்பேறில்லாமல், எலிசா தீர்க்கதரிசியின் வாக்கால் ஓர் ஆண்மகவு பிறந்தது. பிள்ளை சற்று வளர்ந்தபின், அறுவடைக் களத்தில் தந்தையோடிருக்கையில் தலைநோவென்று கூவினான். தாயிடம் எடுத்து வந்தனர். நண்பகல்வரை அவள் மடியிலிருந்து உயிர் நீத்தான். அவள் அவனைத் தீர்க்கதரிசியின் படுக்கையிற் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டு, கணவனிடம் ஒரு வேலைக்காரனையும் கழுதையையும் கேட்டாள். அமாவாசையுமன்று, ஓய்வுநாளுமன்று, இன்று ஏன் போகிறாய் என்று அவன் வினவினான். அவள் விடுத்த விடை எபிரேயத்தில் ஒரே சொல்: 'ஷாலோம்.' சமாதானம், நலம், குறைவின்மை என்னும் பொருள்களையெல்லாம் தருவது அச்சொல்.

கர்மேல் மலையில் எலிசா அவளைத் தொலைவிலேயே கண்டு, தம் ஊழியன் கேயாசியை எதிர்கொள்ள ஓடச் செய்து, மூன்று வினாக்களைக் கேட்கும்படி பணித்தார்: அவள் நலமா, கணவன் நலமா, பிள்ளை நலமா? மூன்றிலும் வருவது அதே ஷாலோம். மூன்றாவது வினா அவள் நெஞ்சைப் பிளந்திருக்கும். அதற்கும் அவள் அச்சொல்லையே திருப்பிக் கூறிவிட்டு மேலே நடந்தாள். மலையை அடைந்தபின்னரோ எலிசாவின் காலைப் பற்றிக்கொண்டாள். கேயாசி விலக்க வந்தான். அவர், அவளை விடு, அவள் உள்ளம் துயருற்றிருக்கிறது என்று தடுத்தார். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். அங்கும் 'பிள்ளை இறந்தான்' என்று கூறினாளில்லை. 'நான் உம்மிடம் மகனைக் கேட்டேனா?' என்னும் கருத்துப்பட ஒரு வினாவையே விடுத்தாள். அவ்வினாவிலிருந்தே எலிசா யாவும் உணர்ந்தார்.

அவள் கேயாசியிடம் பொய் சொன்னாளா? கேயாசி கெட்டவனாதலின் மறைத்தாள் என்று சிலர் கூறுவர். அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. அவன் வழியில் எதிர்ப்பட்டவன். அவன் கையில் அவள் துயரத்திற்கு மருந்தில்லை. அவனிடம் கூறியிருந்தால் அவன் திகைப்பையும் புலம்பலையும் அவள் தாங்கி நிற்க வேண்டும்; பயணம் தடைப்படும். கேயாசியும் ஏமாற்றப்பட்டு இழந்தது ஒன்றுமில்லை. அவ்விடை 'என் துயரை உன்னிடம் இறக்கி வைக்கவில்லை, என்னைப் போகவிடு' என்று பொருள்பட்டது. நலவினாவும் அதன் விடையும் எவ்வளவு நேரத்தை விழுங்குவன என்பது அதே அதிகாரத்திலேயே விளங்குகிறது. எலிசா தம் தடியைக் கேயாசியிடம் கொடுத்துச் சூனேமுக்கு விரையச் சொல்லும்போது, வழியில் யாரையும் வினவாதே, வினவினார்க்கும் மறுமொழி கூறாதே என்று கட்டளையிட்டார்.

இதனைக் கேட்ட நண்பர் அமைதியுற்றார். அமைதி அளவு கடந்தும் போயிற்று. அடுத்த நாள் நோவு மிகுந்து அவர் மருத்துவரிடம் சென்றார். மருத்துவர் நாற்காலியைக் காட்டி, "எப்படியிருக்கிறாய், தம்பி?" என்றார். நம்மவர், "சௌக்கியம் ஐயா, தாங்கள்?" என்றார். மருத்துவர் அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நானும் சௌக்கியம். பின் ஏன் வந்தாய்?" என்றாராம். இஃது இவருக்கு மட்டும் நேர்ந்த பிழையன்று. மருத்துவர் கூறும் முதல் நலவினா இருபொருள் படுவது; வரவேற்பாகவும் இருக்கலாம், நோய் விசாரணையின் தொடக்கமாகவும் இருக்கலாம். முதியோர் பலர் அங்கும் மரியாதைக்கு 'நலம்' என்று தொடங்கி, பிறகு நோவைச் சுருக்கிச் சொல்லிவிடுகின்றனர். ஆகவே அங்கு நாம் கைக்கொள்ள வேண்டியது இதுவே: வரவேற்பென்று தோன்றினால், "நல்லது ஐயா, ஆனால் மூன்று நாளாக வயிற்றில் நோவு" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிடுதல். கேட்பதையே தொழிலாகக் கொண்டவரிடத்தில் கடமையை ஏற்றுகிறோமே என்று கூசுதற்கு இடமில்லை.

மற்றை இடங்களில் எவ்வாறு விடையிறுப்பது? வினாவின் நீளத்திற்கு விடையின் நீளம் ஒத்திருப்பின் இயல்பாகும். நடந்துகொண்டே கேட்டவர்க்கு நடந்துகொண்டே ஒரு சொல். ஆங்கிலத்தில் வினவினால், 'ஃபைன், தேங்க் யூ' என்று கூறி, அதே வினாவைத் திருப்பிக் கேட்டல் அவர்கள் முறை. திருப்பிக் கேளாமல் விடுவது, நீட்டிய கையைப் பற்றாமல் விடுவது போன்றது. தமிழில் பெரியவர்களிடம், "ஆண்டவர் கிருபையால் சுகம் ஐயா, வீட்டில் அம்மா சுகமா?" என்று அவர் குடும்பத்தையும் சேர்த்து வினவுதல் அழகு. உடம்பு நன்றாயில்லாதபோது நலமென்று சொல்ல மனம் ஒவ்வாதாயின் மெய்யையே சொல்லலாம். ஆனால் அதனை முடித்துச் சொல்லல் வேண்டும். "நேற்றுக் காய்ச்சல், இன்று தேவலை" என்பதில் 'இன்று தேவலை' என்னும் இரு சொற்களே கேட்டவரை விடுதலை செய்கின்றன. "நேற்றிலிருந்து காய்ச்சல்" என்று நிறுத்தினால் அவர் நிற்க வேண்டும். அவர் நிற்க வேண்டும் என்பதே நம் விருப்பமாயின், வழியில் கொட்டாமல், "இருக்கிறேன் ஐயா, தங்களிடம் ஒன்று பேச வேண்டும், எப்போது வரலாம்?" என்பது தக்கது. அப்பொழுது வினாவுக்கு விடையும் ஆயிற்று, துயரத்துக்கு ஒரு வேளையும் குறித்தாயிற்று.

இந்த 'இருக்கிறேன்' என்னும் சொல்லைப் பற்றியே சற்று விரித்துரைக்க வேண்டும். 'நலம்' கதவைச் சாத்துகிறது. 'வருத்தம்' கதவைத் திறக்கிறது. இடையில் ஒருக்களித்து வைப்பதற்கும் எல்லா மொழியிலும் சொற்கள் உள்ளன. கெயில் ஜெஃபர்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1980-இல் எழுதிய கட்டுரையில், ஆங்கிலத்தில் 'ப்ரெட்டி குட்' என்று சற்றே தளர்த்தி விடையிறுப்போர் பலர் சிறிது நேரத்தில் ஒரு துன்பத்தைச் சொல்லத் தொடங்குகின்றனர் என்று காட்டினார். விடை தாழ்ந்ததன்று, தளர்ந்தது. கேட்டவன் விரும்பினால் நிற்கலாம், விரும்பாவிடின் கேளாதவன்போற் செல்லலாம். நம் மொழியில் "இருக்கிறேன்", "ஏதோ இருக்கிறேன்", "என்னவோ ஓடுகிறது" என்பவை இத்தகையன. ஆயின் எச்சரிக்கை ஒன்று: சிலர்க்கு "ஏதோ இருக்கிறேன்" என்பதே நாடோறும் கூறும் விடை, அவரிடம் அதற்குத் தனிப்பொருளில்லை. ஒருவருடைய வழக்கமான விடை யாது என்பதை அறிந்தவனுக்கே அது மாறியது புலப்படும்.

இதனை நாம் நூலிற் கற்றதன்றிப் பட்டும் கற்றோம். நம் அறைக்கு இரண்டறை தள்ளியிருக்கும் ஒரு நண்பர், எப்போது கேட்டாலும் "நமக்கென்ன குறை!" என்று உரக்கச் சொல்பவர். கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து வந்த மறுநாள், குழாயடியில் முகங் கழுவுகையில், "என்னப்பா, சௌக்கியமா?" என்றோம். "இருக்கிறேன்" என்றார். "வீட்டில் எல்லாரும்?" என்றோம். "இருக்கிறார்கள்" என்றார். "சரி, மணி அடித்துவிட்டது, வா சாப்பிடப் போகலாம்" என்று நாம் முன்னே நடந்தோம். அவர் பின்னே வந்தாரா என்பதும் நமக்கு நினைவில்லை. ஒரு வாரத்துக்குப் பின்னரே, அவர் தந்தைக்குப் பக்கவாதம் கண்டு படுத்திருப்பதும், தறிகள் இரண்டையும் விற்றாயிற்று என்பதும், படிப்பை விட்டுவிடலாமா என்று அவர் இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருந்ததும் பிறர் வாயிலாகத் தெரிந்தன. குழாயடியில் அவர் சொன்ன இரண்டு சொற்களும் அன்றிரவு நம் காதில் மீண்டும் ஒலித்தன.

மறுநாள் மாலை அவர் அறைக்குச் சென்றோம். மீண்டும் "சௌக்கியமா?" என்றால் மீண்டும் அதே விடைதான் வரும் என்பது இப்போது தெரிந்திருந்தது. பொது வினாவுக்குப் பொது விடையே வரும். ஆகையால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அப்பாவுக்கு இப்போது கை அசைகிறதா?" என்று கேட்டோம். உட்கார்ந்தது நேரம் உண்டு என்பதற்கு அடையாளம். கையைக் குறித்துக் கேட்டது பாதி தெரியும் என்பதற்கு அடையாளம். அவர் சிறிது நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "வலக்கை அசையவில்லை. பேச்சு வருகிறது, ஆனால் என் பெயரைத் தம்பியின் பெயரால் அழைக்கிறார்" என்றார். அதற்குமேல் இரவு உணவு மணி அடிக்கும்வரை அவரே பேசினார். நாம் கூறியது மிகச் சில. கட்டணம் பற்றி ஆசிரியரிடம் பேசலாம் என்ற எண்ணமும் அப்பேச்சினிடையேதான் பிறந்தது.

இப்போதும் அவர் காலையில் குழாயடிக்கு வருகிறார். எல்லாரும் "என்னப்பா?" என்கிறார்கள், அவரும் எல்லார்க்கும் "நமக்கென்ன குறை!" என்கிறார். சென்ற திங்கட்கிழமை நாம் வினவியபோது, "இருக்கிறேன்" என்றார். மணி அடித்தது. நாம் துண்டைத் தோளிலிட்டுக்கொண்டு, அவர் முகங் கழுவி முடிக்கும்வரை அங்கேயே நின்றோம்.